விண்டோஸ் கீயைக் கொன்றவரோடு குடித்தனம்

என் கணவருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். அது நான் என்று எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வது தவறு. அவருடைய எதிரி கீபோர்டின் இடது பக்கத்துக் கடைசி வரிசையில், கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில், நாலு சதுரம் போட்ட சின்னத்தோடு உட்கார்ந்திருக்கும் விண்டோஸ் கீ.

அவர் திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கேமிங் சென்டர் வைத்திருக்கிறார். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது, மற்றபடி எல்லா வேலையும் எங்கள் தலையில்தான். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நான் வீடு திரும்பும்போது அவர் கடையில் இருப்பார். அவர் வீடு திரும்பியதும் அன்றைக்கு அந்தக் கீ என்னென்ன அட்டூழியம் செய்தது என்று சொல்லுவார். மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவார். நான் பேப்பர் திருத்திக்கொண்டே உம் கொட்டமாட்டேன்.

அட்டூழியம் இதுதான். கேம் ஆடும் பையன்களின் இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு கீயின் மேல் இருக்கும். நடக்க அந்த நாலும், ஓட ஷிஃப்ட்டும், குனிய கன்ட்ரோலும். அவசரத்தில் கன்ட்ரோலைத் தேடும் சுண்டுவிரல் பக்கத்து வீட்டில் நுழைந்துவிட்டால் போச்சு. ஸ்டார்ட் மெனு எழும்பி வரும், கேம் கீழே இறங்கிவிடும். திரும்பக் கேமுக்குள் வந்து பார்த்தால் எதிராளி சுட்டுத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். ஷிஃப்ட்டைத் தொடர்ந்து தட்டினால் 'பொய்ங்' என்று ஒரு சத்தத்தோடு ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அதை அவர் செட்டிங்ஸில் போய் அணைத்துவிட்டார். இதை அப்படி அணைக்க முடியவில்லை.

"மூஞ்சிக்கு நேரா துப்பாக்கிய நீட்டிக்கினு நிக்கறான், அந்த நேரத்துல ஸ்டார்ட் மெனு வந்து 'இன்னா வேணும்'னு கேக்குது. எவ்ளோ பேஜாரு தெரியுமா?" என்பார்.

"எந்திரிச்சி வேற வேலைக்குப் போன்னு சொல்லுது, அதுக்கும் தெரிஞ்சிருக்கு" என்பேன் நான்.

முதலில் கீயையே பிடுங்கிப் பார்த்தார். எல்லா கீபோர்டும் பல் விழுந்த கிழவன் மாதிரி இளித்தன. அப்புறம் சில கீபோர்டுகளில் எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்கினால் விண்டோஸ் கீ பூட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். ஆனால் பூட்டியதைத் திறக்கவும் அதே வழிதான் என்பதைப் பையன்கள் அவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்தவன் ஜெயிக்கும் நேரம் பார்த்து அவன் கீபோர்டில் பூட்டைத் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியில் முடிவு கட்டியது ஆயுத பூஜை. கடையில் பூஜை என்றால் என் மாமியார் கையில்தான் சந்தனக் கிண்ணம். மானிட்டருக்கு ஒரு பொட்டு, சிபியூவுக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கும் ஒரு பொட்டு. கீபோர்டில் எங்கே வைப்பது என்று பார்த்தவருக்கு, நாலு சதுரத்தோடு கோலம் போட்டது மாதிரி இருந்த அந்தக் கீதான் லட்சணமாகத் தெரிந்திருக்கிறது. சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து எல்லா கீபோர்டிலும் அதன் மேலேயே அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, கீயை அமுங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டது.

விஜயதசமி அன்று காலை கடை திறந்ததும் ரகளை. விண்டோஸ் கீ அமுங்கியே கிடந்தால் மற்ற எழுத்துகள் எல்லாம் எழுத்தாக வேலை செய்யாது, கட்டளையாக வேலை செய்யும். ஒருவன் முன்னால் நடக்க டபிள்யூவைத் தட்டினான், வானிலை அறிக்கையும் செய்திகளும் வந்து நின்றன. எஸ்ஸைத் தட்டினான், தேடும் பெட்டி வந்தது. டியைத் தட்டினான், கேம் காணாமல் போய் வெறும் டெஸ்க்டாப் வந்தது. இன்னொருவன் கோபத்தில் கண்டபடி தட்டியதில் எல் பட்டுவிட்டது. கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு போடலாம் என்றால் எழுத்து ஏறவில்லை.

"அண்ணா, சிஸ்டத்துக்கு சாமி வந்துக்குது" என்றானாம் ஒரு பையன்.

அன்று சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே என் கணவர் ஒரு சபதம் எடுத்தார். கீபோர்டில் ஒவ்வொரு கீயும் கம்ப்யூட்டருக்கு ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. இந்த எண் வந்தால் எதுவும் வரவில்லை என்று எடுத்துக்கொள் என்று ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் விண்டோஸுக்கே எழுதி வைத்துவிடலாம். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அது நடைமுறைக்கு வரும். அப்புறம் அந்தக் கீயின் மேல் யானை உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. எல்லா கம்ப்யூட்டரிலும் எழுதினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

நான் அப்போது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. என் வைவா நெருங்கிக்கொண்டிருந்தது.

முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு என்று ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து ஒரு புறத்தேர்வாளர் வருவார். கல்லூரியே திரண்டு உட்கார்ந்திருக்கும். நாம் நின்று ஆய்வைப் படம் போட்டு விளக்க வேண்டும், கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொன்னாடை, சமோசா, மதியச் சாப்பாடு, கையெழுத்து வாங்கும் தாள் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்வதும் தேர்வுக்கு நிற்பவர்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணே பஜ்ஜி போட்டு, பெண்ணே கோலம் போட்டு, பெண்ணே வந்து நமஸ்காரம் செய்வது மாதிரி.

என் ஆய்வு காணை வட்டாரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் பெண் கூலிகளைப் பற்றியது. வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்துவிட்டேன். என் நெறியாளர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் பணியில் இருக்கும்போதே முடிந்தால் முடிந்தது. தள்ளிப்போனால் புது நெறியாளர், புதுக் கடிதம், புதுத் தேதி என்று திரும்ப முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்குள் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் கைவிட்டுப் போய்விடும். புறத்தேர்வாளரின் தேதி கிடைத்ததே பெரும்பாடு. அந்த ஒரு நாளை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது.

வைவாவுக்குச் சில வாரம் முன்பு துறைக்குள்ளேயே ஒத்திகை வைத்தார்கள். அங்கேதான் என் மானம் போனது.

எனக்கு ஒரு பழக்கம். பயம் வந்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நின்று பேசும்போது இடது கை லேப்டாப்பின் இடது மூலையில் ஊன்றிக்கொள்ளும். வலது கை அம்புக்குறிக் கீயில் இருக்கும். இதில் என்ன தப்பு என்று கேட்டால், விண்டோஸில் ஒரே திரையில் பல டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலையும் விண்டோஸ் கீயையும் பிடித்துக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த டெஸ்க்டாப்புக்குத் தாவிவிடும். என் அடுத்த டெஸ்க்டாப்பில் புடவை இருந்தது.

வைவாவுக்குக் கட்டப் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் முதுகுக்குப் பின்னால் கண்கள் அதிகம் என்பதால், ஆய்வு ஒரு டெஸ்க்டாப்பிலும் புடவை இன்னொன்றிலுமாக வைத்திருந்தேன். ஒத்திகையில் 'கூலி உயர்வும் குடும்பச் செலவும்' என்ற அட்டவணைக்குப் போக அம்புக்குறியைத் தட்டினேன். சுவர் முழுக்க அரக்கு நிறத்தில் மயில் பார்டர் போட்ட புடவை விரிந்தது. கீழே இன்னும் பன்னிரண்டு நிறம்.

துறைத்தலைவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது குடும்பச் செலவுல வருதாம்மா?" என்றார்.

சிரிப்பு அடங்கவில்லை. நான் எதைத் தட்டினாலும் அடுத்த நிறம்தான் வந்தது. முன்வரிசையிலிருந்த கம்ப்யூட்டர் துறை மேடம் இரக்கப்பட்டு, "விண்டோஸ் பி அமுத்துங்க, பிசி ஸ்கிரீன் ஒன்லி போடுங்க" என்றார். விண்டோஸ் கீயோடு பியை அமுக்கினால், படம் லேப்டாப்பில் மட்டும் தெரியட்டுமா, ப்ரொஜெக்டரிலும் தெரியட்டுமா என்று ஒரு பட்டியல் வரும். லேப்டாப்பில் மட்டும் என்பதைத் தட்டினேன். சுவர் இருண்டது. மீதி ஒத்திகையைத் திரையில்லாமல் வாயாலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒரு வாரம் துறையில் யார் என்னைப் பார்த்தாலும் பார்டரைப் பற்றித்தான் பேசினார்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எடது கை எங்க இருந்துச்சி?" என்று கேட்டார்.

"மூலையில."

"கட்டவெரலு?"

"எனக்கெப்படித் தெரியும். நான் மல்லாட்டையப் பத்திப் பேசிக்கினு இருந்தேன்."

"அதான். ஆடற பசங்களுக்கும் தெரியாது. குடு, அந்தக் கீய எடுத்துடறேன்."

நான் கொடுக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வு இருக்கும் லேப்டாப்பும் கேமிங் சென்டர் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று சத்தம் போட்டேன். நானே கவனமாக இருந்துகொள்வேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் அவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். புடவைப் பக்கத்தையெல்லாம் மூடியாகிவிட்டது. ஆனாலும் மாமியார், "மல்லாட்ட ஒடைக்கறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு? நானும்தான் ஒடச்சேன், எவன் வந்து கேட்டான்" என்று கேட்டதும் கை தன்னால் மூலைக்குப் போயிற்று. ஸ்டார்ட் மெனு எழும்பி என் அத்தியாயத்தை மூடியது. ஒரு மாமியாருக்கே இப்படி என்றால் புறத்தேர்வாளருக்கு என்ன ஆவேன். லேப்டாப்பைக் கணவரிடம் நீட்டினேன். வேறு என்ன செய்ய.

அவர் குளித்துவிட்டு வந்து செய்தார். அப்படி ஒரு பக்தி. என் லேப்டாப்பில் வலது பக்கம் விண்டோஸ் கீ கிடையாது, இடது பக்கம் ஒன்றுதான். ரெஜிஸ்ட்ரியில் அதன் எண்ணை எழுதினார், லேப்டாப்பை அணைத்துப் போட்டார், கீயைத் தட்டிப் பார்த்தார், என்னையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. "செத்துப்போச்சி" என்றார். அவ்வளவு ஆசையாக ஒரு சாவுச் செய்தியை நான் கேட்டதில்லை.

வைவா அன்று மாமியார், கணவர், நான் மூன்று பேரும் பொன்னாடைப் பைகளோடு விழுப்புரம் போய் இறங்கினோம். கணவரிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்: "சமோசாவ மட்டும் பாத்துக்குங்க. ஹாலுக்குள்ள வந்து யார்கிட்டயும் கேமு, கடைன்னு ஆரம்பிக்காதீங்க." அவர் தலையாட்டிக்கொண்டு வராந்தாவில் சமோசாப் பெட்டிக்குக் காவலாக நின்றார். மாமியார் முன்வரிசையில் நடுநாயகமாகப் போய் உட்கார்ந்தார். அது துணைமுதல்வரின் நாற்காலி. யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

புறத்தேர்வாளர் வெள்ளை முடியும் அமைதியான முகமுமாக வந்தார். மதியம் ரயில் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் நெறியாளர் கடைசி நிமிஷத்தில் முதல் ஸ்லைடைப் பார்த்து, தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பதவியையும் சேர்க்கச் சொன்னார். ஓய்வு பெறப் போகிறவர், ஆசைப்படுகிறார், சேர்த்தேன். அப்புறம் ப்ரொஜெக்டரின் கம்பியை லேப்டாப்பில் செருகினேன்.

சுவரில் நீலம். 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். அதே நீலம். அப்போதே விஷயம் எனக்கு உறைத்துவிட்டது. ஒத்திகை நடந்த அதே ஹால், அதே ப்ரொஜெக்டர். ஒருமுறை லேப்டாப்பில் மட்டும் என்று சொல்லிவிட்டால், அந்த ப்ரொஜெக்டரை அடுத்த முறை பார்க்கும்போதும் விண்டோஸ் அதையே ஞாபகம் வைத்திருக்கும். புடவையை மறைக்க நான் கொடுத்த உத்தரவை அது விசுவாசமாக இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"விண்டோஸ் பி அமுத்துங்கம்மா" என்றார் துறைத்தலைவர்.

"சார், அந்தக் கீ வேலை செய்யாதுங்க சார்."

"அமுத்தற வெதத்துல அமுத்தணும்மா. நகருங்க" என்று அவரே வந்தார். விண்டோஸ் கீயைக் கட்டை விரலால் நசுக்கிக்கொண்டு பியைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அடுத்து நெறியாளர் வந்து தட்டினார். அடுத்து கம்ப்யூட்டர் துறை மேடம் வந்து, ஒத்திகையில் வேலை செய்ததே என்று தட்டிப் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் நான் "அந்தக் கீ செத்துப்போச்சுங்க" என்று சொன்னேன். கௌரவ விரிவுரையாளர் சொன்னால் ஹாலில் காற்று வீசியது மாதிரிதான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயில் மணியை வரிசையில் வந்து அடிப்பது மாதிரி ஆளாளுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் புறத்தேர்வாளரே எழுந்து வந்துவிட்டார். அவரும் மரியாதையாக ஒருமுறை அமுக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்று அவர் நெறியாளரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

பயம் போய்க் கோபம் வந்தது. இன்னொரு நாளா? மாதக் கடைசிக்கு முன்னால் இன்னொரு நாளுக்கு நான் எங்கே போவேன்? மேடையை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடந்து வராந்தாவுக்குப் போனேன். என் கணவர் பெட்டியைத் திறந்து சமோசா நொறுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க உள்ள" என்றேன்.

"நீதான் வரவேணாம்னு..."

"ஜல்தி வாங்க. நீங்க கொன்ன கீயாலதான் இப்ப என் உயிரு போவுது."

உள்ளே வந்தவர் நீலச் சுவரைப் பார்த்தார், லேப்டாப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அந்த நிலையிலும் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"அது வேல செய்யாதுங்க. நான்தான் எடுத்து வுட்டேன்."

"எடுத்துவிட்டீங்களா? எதுக்கு?" என்றார் துறைத்தலைவர்.

"கேமு ஆடறப்ப கை பட்டுடும்ங்க."

மல்லாட்டை ஆராய்ச்சி செய்யும் பெண் ராத்திரியில் துப்பாக்கிச் சண்டை போடுகிறாள் என்று அத்தனை பேரும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல நேரம் இல்லை.

"ஒண்ணும் இல்லங்க, ரெஜிஸ்ட்ரில எழுதனத அழிச்சிட்டு ஒரு தடவ ரீஸ்டார்ட் குடுத்தா கீ வந்துடும்" என்று அவர் உட்கார்ந்தார்.

"ரீஸ்டார்ட்டா?" என்றேன். என் லேப்டாப் ஒரு வாரமாக அப்டேட் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அணைத்தால் அது தன் வேலையை ஆரம்பிக்கும், முடிப்பதற்குள் புறத்தேர்வாளர் தன் ஊரில் போய் இறங்கியிருப்பார். "ஒண்ணும் வேணாம். எந்திரிங்க. கீ செத்தா இன்னா, மவுசு உயிரோடதான இருக்குது?"

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாவற்றையும் சிறிதாக்கிவிட்டு, காலியான டெஸ்க்டாப்பில் வலது பக்க பட்டனை அமுக்கினேன். டிஸ்பிளே செட்டிங்ஸ் என்று ஒரு வரி. அதைத் திறந்தேன். அவர் என் தோளுக்கு மேலிருந்து, "கீழ எறக்கு, இன்னும் கீழ. மல்டிபிள் டிஸ்பிளேஸ். அதுல டூப்ளிகேட்டுன்னு இருக்கும்" என்றார். இருந்தது. தட்டினேன்.

சுவர் ஒருமுறை கறுத்து, வெளுத்து, என் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அங்கே வந்து நின்றது. நான் முதல் ஸ்லைடைத் திறந்தேன்.

ஹாலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. நெறியாளரின் பெயருக்குப் பக்கத்தில் கர்சரை விட்டிருந்தேன் போலிருக்கிறது. விண்டோஸ் கீ செத்திருந்தாலும் பி உயிரோடுதான் இருந்தது. அத்தனை பேராசிரியர்களும் சுவரைப் பார்த்துக்கொண்டே அடித்த பி எல்லாம் அவர் பதவிக்குப் பின்னால் வரிசையாக நின்றது. பி பி பி பி பி என்று ஒரு வரி முழுக்க ஓடி அடுத்த வரிக்கும் இறங்கியிருந்தது.

"இது என்ன பட்டம்?" என்றார் புறத்தேர்வாளர். அன்று அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். நெறியாளரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நான் அழித்தேன். அழித்துக்கொண்டே இருந்தேன். அழித்து முடிப்பதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பேசினேன். காணையில் ஒரு கொட்டகையில் பெண்கள் குந்தி உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பதையும், கூலியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும், மெஷின் வந்த பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்பதையும் சொன்னேன். புறத்தேர்வாளர் அமைதியான முகத்தோடு கொடூரமான கேள்விகள் கேட்டார். இந்தக் கூலியைக் கிலோவுக்கு எழுதியிருக்கிறீர்கள், கொட்டகையில் படியில்தானே அளக்கிறார்கள் என்றார். படியில் அளந்ததைத்தான் நிறுத்துக் கிலோவாக மாற்றினேன் என்றேன். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை நாளில் கொட்டகை மூடுமே, அந்த நாள் கணக்கில் உண்டா என்றார். உண்டு என்றேன். பக்கத்தைச் சொன்னேன். மாமியார் முன்வரிசையிலிருந்து, "படியிலதாம்பா அளப்பாங்க, நா பாத்துருக்கறன்" என்று எனக்கு சாட்சி சொன்னார். அவரை யாரும் தடுக்கவில்லை.

கடைசியில் புறத்தேர்வாளர் எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னதும் கைதட்டல். நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். பொன்னாடையை நெறியாளருக்குப் போர்த்துவதற்குப் பதில் அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் முன் சீட்டில் தூங்கிவிட்டார். எனக்குப் பக்கத்தில் கணவர். பட்டம் வந்துவிட்டது, இனி இந்த மனிதரைத் திட்டலாம் என்று எனக்குத் தெம்பும் வந்துவிட்டது. ஒரு கீயைக் கொல்கிறவர் அது எதற்கெல்லாம் தேவைப்படும் என்று யோசிக்க வேண்டாமா, சமோசாவைப் பார்க்கச் சொன்னவளையே சமோசா மாதிரி பொரித்தெடுத்துவிட்டீர்களே என்று வரிசையாக வைத்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு அப்புறம் திட்டலாமே என்று தோன்றியது.

"நான் பேசனது எப்டி இருந்துச்சி?" என்றேன்.

"தெரியல."

"இன்னா தெரியல? கடைசி வரைக்கும் எனக்குப் பின்னாடி செவுத்துல சாஞ்சிக்கினுதான நின்னீங்க?"

"நின்னேன். காதுல ஒண்ணும் ஏறல." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ஒன் எடது கைய மட்டும்தான் பாத்துக்கினு இருந்தேன். அந்தாளு கேள்வி கேக்கறப்பல்லாம் கட்டவெரலு போயி அந்தக் கீ மேல குந்திக்கிது. அமுத்திக்கினு கெடக்கற, ஒனக்கே தெரியல. அது வேல செய்யாதுன்னு எனக்குத் தெரியும், நான்தான எடுத்தேன். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் போச்சு, எல்லாம் போச்சுன்னு வயித்தக் கலக்கிச்சி."

நான் என் இடது கையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு நேரமும் பயமில்லாமல் பேசியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயத்தையெல்லாம் அந்தச் செத்த கீ வாங்கிக்கொண்டிருக்கிறது. மீதியை இந்த மனிதர் வாங்கியிருக்கிறார். அவருக்கு என் ஆய்வில் ஒரு வரி தெரியாது.

திட்டை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிர் சீட்டு அம்மாள் எங்களையே பார்த்தார். பார்க்கட்டும் என்று திண்டிவனம் வரைக்கும் விடவில்லை.